டயருக்கு அடியில் தண்ணீர் எங்கே போகிறது?

மழை நாளில் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் போகிறது. சாலையில் தேங்கியிருப்பது 1 மில்லிமீட்டர் தண்ணீர்தான். டயர் தரையில் பதியும் அகலம் 14 சென்டிமீட்டர் என்று வைத்தால், முன் டயர் ஒவ்வொன்றும் நொடிக்கு மூன்று லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். ஒதுக்காவிட்டால் ரப்பர் சாலையைத் தொடாது.

இந்த வேலையின் பெரும்பங்கு, டயரைச் சுற்றி ஓடும் அகலமான பள்ளங்களுடையது. தலா 8 மில்லிமீட்டர் அகலமும் ஆழமும் உள்ள நான்கு பள்ளங்கள் இருந்தால், அவற்றின் குறுக்குவெட்டு 256 சதுர மில்லிமீட்டர். வழியில் நிற்கும் தண்ணீரின் குறுக்குவெட்டோ 140. எல்லாம் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதே டயர் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தேய்ந்த பிறகு கணக்குப் போட்டால் 51தான் மிஞ்சுகிறது. மீதித் தண்ணீர் முன்னாலும் பக்கத்திலும் பிதுங்க வேண்டும். அதற்குக் கிடைப்பது நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பிதுங்க முடியாத தண்ணீர் ஆப்புபோல அடியில் நுழைந்து டயரைத் தூக்குகிறது. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதே வழி.

பள்ளங்களுக்கு நடுவே அறுபடாமல் ஓடும் ரப்பர் வரிகள்தான் ரிப். தொடர்ச்சியாக இருப்பதால் அதிகம் நெளியாது, ஸ்டியரிங் திருப்பியபடி வண்டி திரும்பும். லாரியின் முன்சக்கரங்களில் ரிப் டயர் மாட்டுவது இதனால்தான். அந்த வரியைக் குறுக்கே வெட்டினால் தனித்தனிக் கட்டிகளாகும். நம் ஊரில் பட்டன் என்பார்கள். பட்டனின் விளிம்பு சேற்றிலும் ஜல்லியிலும் பிடிக்கும், குறுக்குவெட்டு வழியே தண்ணீர் பக்கவாட்டில் வெளியேறும். ஆனால் தனியாக நிற்கும் ரப்பர் பிரேக் போடும்போதெல்லாம் வளைகிறது; காய்ந்த தார்ச்சாலையில் அதுவே சத்தமும் சீரற்ற தேய்மானமும் ஆகிறது.

பட்டன்மேல் பிளேடால் கீறியதுபோல் தெரியும் மெல்லிய வெட்டுகளுக்கு சைப் என்று பெயர். 1923-லேயே அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பள்ளம் மொத்தத் தண்ணீரையும் வாங்கிய பிறகும் சாலையில் ஒரு மெல்லிய ஈரப்படலம் ஒட்டியிருக்கும். பட்டன் தரையில் அழுந்தி நெளியும்போது சைப்பின் விளிம்புகள் அந்தப் படலத்தை வழித்தெடுக்கின்றன. நிறைய வெட்டினால் நல்லதுதானே என்றால், இல்லை: பட்டன் தொளதொளத்துப் போகும். சைப் பல இடங்களில் பள்ளத்தைவிட ஆழம் குறைவு. ஆகவே பாதி தேய்ந்த டயரில் பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சைப் மறைந்திருக்கலாம்.

டயரின் ஓரத்தில் TWI என்ற எழுத்து அல்லது சிறு முக்கோணம் இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு சிறு மேடு. சுற்றியுள்ள ரப்பர் தேய்ந்து மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர், சட்டப்படி அதுவே கடைசி எல்லை. மழைக்கு அது மிகவும் தாமதம். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவேன் நான். அளக்கும்போது ஓரத்தை மட்டும் பார்க்க வேண்டாம்: காற்று கூடுதலாக அடித்த டயரில் ஓரம் புதிதாகத் தெரியும், நடுப்பள்ளம்தான் முதலில் தேய்ந்திருக்கும்.