நிலுவை 200

கோவை கணபதியில் ஆறு லேத் மெஷின்களோடு ஓடும் ஒரு பட்டறையை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு கியர்பாக்ஸ் கம்பெனிக்கு இரும்புப் பின்கள் செய்துகொடுப்பது அதன் வேலை. 25 மில்லிமீட்டர் விட்டம், 110 மில்லிமீட்டர் நீளம். ஒரு பின் ஏறக்குறைய 424 கிராம் எடை. கம்பியை வெட்டுவதும் கடைசல் போடுவதும் பட்டறைக்குள் நடக்கும். அதற்குப் பிறகு பின் இரண்டு ஊர்வலம் போய்வர வேண்டும். முதலில் ஹீட் ட்ரீட்மென்ட், பிறகு கிரைண்டிங். இரண்டுக்கும் சொந்தமாக மெஷின் வாங்குவது இந்த அளவுப் பட்டறைக்குக் கட்டாது. அதனால் ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்புகிறார்கள்.

எந்த நாளிலும் பட்டறையின் சரக்கில் ஒரு பெரும்பகுதி பிறர் கூரையின் கீழ்தான் கிடக்கும். பொருள் பட்டறைக்குச் சொந்தம், போட்ட காசும் பட்டறையுடையது. ஆனால் கண்ணில் படாது. கண்ணில் படாத சரக்கைக் காட்டும் ஒரே கண்ணாடி அந்த நிலுவைக் கணக்குதான். அது எப்படித் தவறாகக் காட்டும் என்பதை ஒரே ஒரு மாத உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

ஜூன் 3-ம் தேதி 500 பின்கள் ஹீட் ட்ரீட்மென்டுக்குப் போகின்றன. டெலிவரி சலான் எண் 118. திரும்பி வரவேண்டிய நாள் ஜூன் 9. எட்டாம் தேதியே 300 வந்துவிடுகிறது, நிலுவை 200. பத்தாம் தேதி இன்னொரு 400 பின்கள் போகின்றன. சலான் எண் 124, வரவேண்டிய நாள் ஜூன் 16. இப்போது மொத்த நிலுவை 600.

பதினான்காம் தேதி டெம்போவில் 400 பின்கள் வந்து இறங்குகின்றன. எந்தச் சலானின் சரக்கு என்று அனுப்பியவர் எழுதவில்லை. வரவு எழுதும் பையன் வழக்கப்படி பழைய கணக்கை முதலில் தீர்க்கிறான். 118-க்கு 200 போட்டு மூடிவிடுகிறான். மீதி 200-ஐ 124-ல் எழுதுகிறான். மொத்த நிலுவை 200. கூட்டிப் பார்த்தால் சரி. அனுப்பி நான்கே நாள் ஆன சரக்கு, கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. கவலைப்பட எதுவும் தெரியவில்லை.

உண்மை வேறு. அன்று வந்த 400-ம் சலான் 124-ன் சரக்கு. 118-ல் மிச்சமான 200 பின்கள் பதினோரு நாளாக அங்கேயே ஒரு மூலையில் நிற்கின்றன; கெடு தாண்டி ஐந்து நாள் ஆகிவிட்டது. நோட்டில் எண்ணிக்கை சரியாகவும் வயது தவறாகவும் இருக்கிறது. வயது தவறினால் யாரும் தேட மாட்டார்கள்.

அந்த 200 ஏன் நின்றது என்பதை அறிய ஹீட் ட்ரீட்மென்ட் உலையை எட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பின்னுக்குச் செய்வது கேஸ் ஹார்டனிங். குறைந்த கார்பன் உள்ள அலாய் ஸ்டீலை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் கார்பன் நிறைந்த வாயுவில் வைப்பார்கள். கார்பன் மேல்தோலுக்குள் மெல்ல ஊறும். பிறகு எண்ணெயில் குளிரவைத்தால் தோல் மட்டும் கடினமாகும். உள்ளே இரும்பு தாங்கும் தன்மையோடு இருக்கும். நம் பின்னுக்கு டிராயிங் கேட்பது 0.9 மில்லிமீட்டர் ஆழம். அது ஊற பல மணி நேரம் ஆகும். அதனால் உலைக்காரர் சின்ன லாட்டைத் தனியாகப் போட மாட்டார். ஒரே வகை ஸ்டீல், ஒரே ஆழம் கேட்கும் பல பட்டறைகளின் சரக்கு சேர்ந்து உலை நிறையும்வரை காத்திருப்பார். இப்படி ஒரு தடவை ஏற்றுவதைத் தொழிலில் ஒரு சார்ஜ் என்கிறார்கள்.

118-ன் 500 பின்கள் இரண்டு சார்ஜாகப் பிரிந்து போயிருக்கின்றன. முதல் சார்ஜில் போன 300 நன்றாக வந்தது. இரண்டாவதில் போன 200-ல் கார்பன் 0.6 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. கிரைண்டிங்கில் பக்கத்துக்கு 0.15 மில்லிமீட்டர் போய்விடும் என்பதால், அப்படியே அனுப்பினால் கடினமான தோலில் கால்பங்கு அங்கேயே கரைந்துவிடும். உலைக்காரர் அவற்றை மறுபடி ஏற்றலாம் என்று ஒதுக்கிவைத்தார். அதே ஆழத்துக்கு அடுத்த சார்ஜ் சேரும்வரை அவை காத்திருந்தன. இதைப் பட்டறைக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, பட்டறையும் கேட்கவில்லை.

பதினேழாம் தேதிதான் முதல் போன் போகிறது. "124-ல 200 பின் பாக்கி இருக்குதுங்களே, எப்ப வரும்?" என்று கேட்டால், "124 முழுசும் அனுப்பியாச்சுங்களே" என்று பதில் வருகிறது. அரை மணி நேரம் இரு பக்கமும் நோட்டைப் புரட்டிய பிறகே உண்மை வெளிவருகிறது. எட்டு நாள் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கியர்பாக்ஸ் கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு அதற்குள் தவறிவிட்டது.

இதைத் தடுக்க முதல் வழி, சரக்கு வரும்போது எந்தச் சலானுடையது என்று அறிவது. பெயின்டில் புள்ளி வைத்தால் போதாதா என்றால், உலைச் சூட்டில் பெயின்ட் எரிந்துபோகும். அதனால் சலான் எண்ணைப் பஞ்ச் அடித்த தகட்டுத் துண்டை ஒவ்வொரு கூடையிலும் கம்பியால் கட்டிவிடலாம். அல்லது பின்னின் முனையில், வேலைக்குப் பாதகமில்லாத இடத்தில், லாட் எழுத்தைப் பஞ்ச் செய்யலாம். அனுப்புகிறவர் தன் சலானில் பட்டறையின் சலான் எண்ணை எழுதாவிட்டால், சரக்கை இறக்கும்போதே போன் போட்டுக் கேட்டுவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததுதான் ஜூன் 14-ம் தேதி நடந்தது.

இரண்டாவது வழிக்குத் தேவையான காகிதம் பட்டறையிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு அனுப்பும் டெலிவரி சலான் மூன்று பிரதிகள் போட வேண்டும். முதல் பிரதி பெறுகிறவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது அனுப்புகிறவருக்கு. அந்த மூன்றாம் பிரதியைக் கோப்பில் புதைக்காமல் ஆணியில் மாட்டிவைக்கலாம். ஒவ்வொரு வரவையும் அதன் பின்பக்கத்திலேயே எழுதலாம்: தேதி, எண்ணிக்கை, நல்லது எத்தனை, ரிஜெக்ட் எத்தனை, மீதி எத்தனை. மீதி பூஜ்யம் ஆனால்தான் காகிதம் ஆணியிலிருந்து இறங்கும். சனிக்கிழமை மாலை ஆணியைப் பார்த்தாலே கெடு தாண்டியவை தெரிந்துவிடும். டாலியில் கணக்கு வைப்பவர்களுக்கு Material Out, Material In என்ற வவுச்சர்கள் இதே வேலையைச் செய்யும். ஆனால் வரவை எந்த ஆர்டரில் சேர்ப்பது என்று அங்கேயும் ஆள்தான் சொல்ல வேண்டும்.

போனில் கேட்கும் கேள்வியையும் மாற்றிக்கொள்வது நல்லது. "எப்ப வரும்?" என்றால் "நாளைக்கு" என்பதே பதில். "118 எந்தச் சார்ஜ்ல ஏறுச்சு, டெஸ்ட் ரிப்போர்ட் என்ன சொல்லுது?" என்று கேட்டால், உலைக்காரர் போய்ப் பார்த்தாக வேண்டும். மூலையில் நிற்கும் கூடை அப்போது வெளியே வரும்.

இன்னொரு சிக்கல் எடையில் இருக்கிறது. பட்டறை எண்ணிக்கையில் அனுப்பும். ஹீட் ட்ரீட்மென்ட் கூலி பெரும்பாலும் கிலோ கணக்கு. 500 பின்கள் 212 கிலோ. கூடையின் எடையைக் கழிப்பதிலும், ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெயிலும் இரண்டு கிலோ முன்பின் ஆவது சாதாரணம். அந்த இரண்டு கிலோவுக்குள் நான்கு, ஐந்து பின்கள் காணாமல் போகலாம், தராசு காட்டிக்கொடுக்காது. சலானில் எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுதி, வரும்போது எண்ணியே இறக்க வேண்டும்.

நம் 200 பின்கள் மறுபடி உலை ஏறி ஜூன் 24-ம் தேதி வந்தன. நல்லது 188. இரண்டாம் முறை சூடு பட்டதில் 7 பின்கள் வளைந்துவிட்டன. கிரைண்டிங்கில் ஒரு பக்கம் கருப்பு விட்டுப்போகும் அளவு வளைவு. ஆழம் பார்ப்பதற்காக அறுத்தது 3. மீதி 2 எங்கே என்று தெரியவில்லை. இந்த நான்கு எண்களையும் தனித்தனியாக எழுதினால்தான் கணக்கு மூடும். "12 குறைவு" என்று ஒரே வரியில் எழுதினால், அறுத்ததும் வளைந்ததும் தொலைந்ததும் ஒன்றாகிவிடும். யாரிடம் எதற்குப் பணம் கேட்பது என்பதும் தெரியாது. அதுகூட முன்பே பேசிவைக்க வேண்டிய விஷயம். சரக்கு கெட்டால் தன் கூலியை மட்டுமே விட்டுக்கொடுப்பதாகப் பல ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள் நிபந்தனை வைத்திருக்கின்றன. இரும்புக்கும் கடைசல் வேலைக்கும் பட்டறை போட்ட காசு பட்டறையின் தலையிலேயே விழும்.

தொலைந்த இரண்டு பின்னை நோட்டிலேயே தொங்கவிட்டால் அது வரிக்கணக்கிலும் வந்து நிற்கும். சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ம் பிரிவின்படி, வரி கட்டாமல் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனையாக வேண்டும். மெஷின் போன்ற மூலதனப் பொருள்களுக்கு மூன்றாண்டு. டை, ஜிக், ஃபிக்ஸர் போன்றவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது. கெடு தாண்டினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்பட்டு வரியும் வட்டியும் சேரும். ஹீட் ட்ரீட்மென்டிலிருந்து நேரே கிரைண்டிங்குக்கு அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கணக்கு வைக்கும் பொறுப்பு அப்போதும் பட்டறையுடையதுதான். நேரே போகும் சரக்குதான் நோட்டிலிருந்து எளிதில் நழுவும் என்பதால், உலைக்கூடத்துச் சலானில் வரவும் கிரைண்டிங் சலானில் பற்றும் ஒரே நாளில் விழ வேண்டும்.

போனதும் வந்ததுமான விவரங்களை ITC-04 படிவத்தில் அரசுக்குக் காட்ட வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25-க்குள் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. படிவம் போடும்போது பழைய சலானைத் தேடுவதைவிட, ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஜாப் ஒர்க் செய்பவருக்கு நிலுவைப் பட்டியல் அனுப்பிக் கையெழுத்து வாங்குவது சுலபம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கூடைகளை எண்ணிவிட்டும் வரலாம். அந்தப் பட்டியலை வைத்துத்தான் ஜூன் மாதக் கடைசியில் காணாமல் போன இரண்டு பின்களுக்கு உலைக்காரர் பொறுப்பேற்றார். சலான் 118 அன்று ஆணியிலிருந்து இறங்கியது: நல்லது 488, வளைந்தது 7, அறுத்தது 3, தொலைந்தது 2, மீதி பூஜ்யம்.