அம்மாவின் ஃபேக்டர் அளவு எவ்வளவு?

ஹீமோஃபிலியா உள்ள பையன் இருக்கும் வீட்டில் அவனுடைய ஃபேக்டர் அளவு எல்லோருக்கும் மனப்பாடம். மருத்துவமனை அட்டையிலும் அம்மாவின் கைப்பையில் இருக்கும் சீட்டிலும் அந்த எண் எழுதியிருக்கும். ஆனால் ‘அம்மாவுக்கு எவ்வளவு?’ என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் வராது. அவர் ‘கேரியர்’, மகனுக்குக் கடத்தியவர், அவருக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ‘ஒன்றும் செய்யாது’ என்பது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது. கேரியர் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஃபேக்டர் அளவு இயல்பைவிடக் குறைவாகவே இருக்கிறது. மாதவிடாயில், பல் பிடுங்கும்போது, பிரசவத்துக்குப் பிறகு என்று அந்தக் குறை வெளியே தெரியவும் செய்கிறது. அது ஏன் என்று புரிய, நோய் வரும் வழியை முதலில் பார்த்துவிடலாம்.

தாய்வழி வரும் மரபு

அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். அவற்றில் எட்டாவது ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோஃபிலியா பி. இந்த இரண்டையும் தயாரிப்பதற்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அந்த ஒரே எக்ஸில் மரபணு பழுதாக இருந்தால் ஈடுகொடுக்க வேறு பிரதி இல்லை; நோய் வந்துவிடுகிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இருக்கிறது.

கேரியர் தாய் தன் இரண்டு எக்ஸில் ஏதாவது ஒன்றைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறார். அதனால் அவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் கேரியராக இருக்க 50 சதவீத வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. முதல் மகனுக்கு நோய் இருப்பதால் இரண்டாவது மகன் தப்பிவிடுவான் என்று சொல்ல முடியாது. நோயுள்ள தந்தையின் கணக்கு வேறு. அவர் மகன்களுக்குத் தன் ஒய் குரோமோசோமைக் கொடுப்பதால் அவரிடமிருந்து அவர்களுக்கு நோய் போகாது. மகள்களுக்குக் கொடுக்க அவரிடம் இருப்பது பழுதான எக்ஸ் மட்டுமே. ஆகவே மகள்கள் அத்தனை பேரும் கேரியர்கள்தான். அதை உறுதிசெய்யப் பரிசோதனைகூடத் தேவையில்லை.

பிரிட்டிஷ் ராணி விக்டோரியாவின் குடும்பத்தில் இது அப்படியே நடந்தது. அவருடைய மகன் லியோபோல்டுக்கு ஹீமோஃபிலியா இருந்தது. 1884-ல் கீழே விழுந்து அடிபட்டு, 30 வயதில் இறந்தார். அவருக்கு ஒரு மகள், ஆலிஸ். தந்தையின் எக்ஸ் வந்ததால் அவர் கேரியர். ஆலிஸின் மகன் ரூபர்ட் 1928-ல் ஒரு கார் விபத்துக்குப் பிறகு மூளையில் ரத்தம் கசிந்து, 20 வயதில் இறந்தார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் நோயைச் சுமந்தவர் ஒரு பெண். பின்னாளில் ரஷ்ய அரச குடும்பத்தின் எலும்புகளில் செய்த மரபணு ஆய்வு, விக்டோரியாவின் வழியில் வந்தது ஹீமோஃபிலியா பி என்று 2009-ல் காட்டியது.

நம் ஊரில் இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேர்கிறது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது இங்கே நெடுநாள் வழக்கம். தாய்மாமனுக்கு ஹீமோஃபிலியா இருந்தால் அவருடைய அக்கா கேரியராக இருக்கலாம்; அக்காவின் மகளும் கேரியராக இருக்கலாம். அப்படி இருந்து அவர்கள் இருவரும் திருமணம் செய்துகொண்டால், பிறக்கும் மகளுக்குத் தந்தையிடமிருந்து கட்டாயம் ஒரு பழுதான எக்ஸ் வருகிறது. தாயிடமிருந்தும் வர 50 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் பழுதாக வந்துவிட்டால் அந்தப் பெண் குழந்தைக்கு ஆண்களுக்கு வரும் அதே அளவில் நோய் வரும். ஹீமோஃபிலியா உள்ள குடும்பத்தில் சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் முன் பெண்ணுக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

பல வீடுகளில் ‘எங்கள் பரம்பரையிலேயே இது இல்லையே’ என்பார்கள். ஹீமோஃபிலியா நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் குடும்ப வரலாறு இருப்பதில்லை. மரபணுவில் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. அந்த மாற்றம் மகனிடம்தான் தொடங்கியது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. பெரும்பாலும் அது தாயிடமே வந்துவிட்டிருக்கிறது. அதனால் அந்தத் தாயையும் பரிசோதிக்கத்தான் வேண்டும்.

இரண்டில் ஒன்று உறங்கும்

ஒரு நல்ல எக்ஸ் இருக்கும்போது பெண்ணுக்கு ஏன் ரத்தம் கசிய வேண்டும்? பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் இருந்தாலும் வேலை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது. எதை அடக்குவது என்பதற்கு விதி கிடையாது. ஆனால் ஒருமுறை அடக்கிவிட்டால், அந்தச் செல்லிலிருந்து பெருகும் எல்லாச் செல்களிலும் அதே எக்ஸ்தான் அடங்கியிருக்கும். எலிகளின் ரோமத்தில் தெரிந்த நிறத்திட்டுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி மேரி லயன் 1961-ல் இதை விளக்கினார். நம் தெருவில் திரியும் கறுப்பும் ஆரஞ்சுமாகத் திட்டுத்திட்டான பூனைகள் அநேகமாக எல்லாமே பெண் பூனைகளாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

கேரியர் பெண்ணின் கல்லீரலிலும் இதே கதைதான். நல்ல எக்ஸ் விழித்திருக்கும் செல்கள் ஃபேக்டரைத் தயாரிக்கும். பழுதான எக்ஸ் விழித்திருக்கும் செல்களால் முடியாது. இரண்டும் சரிபாதியாக இருந்தால் ஃபேக்டர் அளவு 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கேரியர்களின் சராசரியும் அதுதான். ஆனால் காசைப் பத்து முறை சுண்டினால் எப்போதும் ஐந்து பூ, ஐந்து தலை விழுவதில்லையே! ஒரு பெண்ணுக்கு நல்ல செல்கள் அதிகமாக அமையும். இன்னொருத்திக்குப் பழுதானவை அதிகமாக அமையும். ஹீமோஃபிலியா ஏ குடும்பங்களில் ரத்த வகைக்கும் பங்கு உண்டு. ஃபேக்டர் எட்டை ரத்தத்தில் தாங்கிச் செல்லும் வான் வில்லிபிராண்ட் புரதம் ‘ஓ’ வகை ரத்தத்தில் குறைவாக இருக்கும்; அதனால் ஃபேக்டர் எட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் குறையும்.

ஒரே பழுது, இரண்டு அளவுகள்

ஒரு வீட்டில் அக்கா, தங்கை, கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள தம்பி என்று மூவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண்கள் இருவருமே கேரியர்கள். அக்காவுக்குப் பெரியவளான நாளிலிருந்து மாதவிடாய் ஒன்பது நாள் நீடிக்கிறது. முதல் சில நாள்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. பெரிய ரத்தக் கட்டிகள் வெளியேறுகின்றன. ஹீமோகுளோபின் 8-க்கு இறங்குகிறது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் ஏறுகிறது, நிறுத்தினால் மறுபடி இறங்குகிறது. ‘அம்மாவுக்கும் இப்படித்தான்’ என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைவாய்ப் பல் பிடுங்கியபோது மூன்றாம் நாள்வரை கசிந்திருக்கிறது. ஃபேக்டர் எட்டை அளந்தால் 24 சதவீதம்.

தங்கைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவளுடைய அளவு 85. அதை வைத்து அவள் கேரியர் இல்லை என்று சொன்னால் தவறாகிவிடும். அவளுடைய மகனுக்கு நோய் வரும் வாய்ப்பு அக்காவின் மகனுக்கு இருக்கும் அதே 50 சதவீதம்தான். ரத்தம் கசியுமா என்பதற்குப் பதில் ஃபேக்டர் அளவில் இருக்கிறது. பிள்ளைக்குப் போகுமா என்பதற்குப் பதில் மரபணுப் பரிசோதனையில் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றொன்றைத் தீர்மானிக்க முடியாது.

இயல்பான அளவு 50 முதல் 150 சதவீதம். 5-க்கும் 40-க்கும் இடையில் இருக்கும் ஆணை லேசான ஹீமோஃபிலியா நோயாளி என்கிறோம். அதே அளவுள்ள அக்காவையும் அப்படியே அழைக்க வேண்டும் என்று ரத்த உறைவு வல்லுநர்களின் சர்வதேசச் சங்கம் 2021-ல் வரையறுத்தது. 40-ஐத் தாண்டியவர்கள் எல்லோரும் தப்பித்தார்கள் என்றும் இல்லை. நெதர்லாந்தில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 60 சதவீதம்வரை ஃபேக்டர் இருந்த கேரியர்களுக்கும் பல் பிடுங்கிய பிறகும் ஆபரேஷனுக்குப் பிறகும் கசிவு நீண்டது தெரியவந்தது.

ஏமாற்றும் பரிசோதனைகள்

அக்காவைப் போன்ற பெண்கள் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு ஒரு காரணம், ஆபரேஷனுக்கு முன் வழக்கமாக எடுக்கும் பி.டி., சி.டி. பரிசோதனை. ரத்தம் நிற்கும் நேரத்தையும் உறையும் நேரத்தையும் காட்டும் அந்தச் சோதனை இவர்களுக்கு இயல்பாகவே வரும். இன்னும் நுட்பமான ஏ.பி.டி.டி. சோதனைகூட ஃபேக்டர் 30 சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை இயல்பாகக் காட்டக்கூடும். ‘எல்லாம் நார்மல்’ என்று எழுதிவந்த சீட்டை நம்பி ஆபரேஷனுக்குப் போய்விடுவார்கள். அதனால் சீட்டில் ‘ஃபேக்டர் எட்டு அளவு’ அல்லது ‘ஃபேக்டர் ஒன்பது அளவு’ என்று குடும்பத்தில் உள்ள நோய்க்கு ஏற்பப் பெயர் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் எடுக்கும் அளவும் ஏமாற்றும். கர்ப்பத்தில் ஃபேக்டர் எட்டு தானாகவே ஏறும். அக்காவின் 24 எட்டாம் மாதத்தில் 70-ஐத் தொடலாம். பிரசவமும் நல்லபடியாக நடக்கலாம். பிரசவம் முடிந்ததும் அந்த ஏற்றம் இறங்கத் தொடங்கி, சில வாரங்களில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். அதற்குள் அவள் தாய்வீட்டுக்கு வந்திருப்பாள். இரண்டாவது வாரத்தில் திடீரென்று உதிரம் அதிகமானால், பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்று விட்டுவிடும் அபாயம் இருக்கிறது. ஃபேக்டர் ஒன்பதோ கர்ப்பத்தில் பெரிதாக ஏறுவதில்லை. ஆகவே ஹீமோஃபிலியா பி கேரியருக்குப் பிரசவ நேரத்திலும் கவனம் தேவை. கேரியர் என்று முன்பே தெரிந்தால், கடைசி மூன்று மாதங்களில் மருத்துவர் அளவைப் பார்த்துக்கொள்வார். குழந்தைக்கு நோய் இருக்கலாம் என்பதால் அதன் தலையைப் பிடித்து இழுக்கும் வேக்குவம், ஃபோர்செப்ஸ் கருவிகளைத் தவிர்ப்பார். பிறந்தது மகன் என்றால் தொப்புள்கொடி ரத்தத்திலேயே சோதனைக்கு அனுப்புவார்.

யார், எப்போது?

ஹீமோஃபிலியா உள்ள ஒருவரின் தாய், அக்கா தங்கைகள், மகள்கள், தாயின் சகோதரிகள் ஆகியோர் ஃபேக்டர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண் குழந்தைக்கு அவள் பெரியவளாகும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. முதல் மாதவிடாயே கடுமையாக இருந்துவிடலாம். மரபணுச் சோதனைக்கு நோயுள்ள ஆணின் ரத்தத்தில் முதலில் பழுது எதுவென்று கண்டுபிடித்துக்கொண்டால், மற்றவர்களிடம் அதை மட்டும் தேடினால் போதும். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு ஒரே வகைப் பழுது, அந்த மரபணுவின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பது. அதனால் சோதனைக்கூடங்கள் அதைத்தான் முதலில் தேடுகின்றன. இந்தப் பரிசோதனைகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செய்யப்படுகின்றன.

அளவு குறைவு என்று தெரிந்தால் வழி இருக்கிறது. மாதவிடாய் நாள்களில் டிரானெக்சாமிக் அமிலம் மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ உதிரப்போக்கைக் குறைக்கும். பல் பிடுங்குவதற்கும் ஆபரேஷனுக்கும் முன்னால், ஹீமோஃபிலியா ஏ வகையினரில் பலருக்கு டெஸ்மோபிரெசின் மருந்து, உடலில் இருக்கும் ஃபேக்டர் எட்டையே உயர்த்திக் கொடுக்கும். அது போதாதபோது ஃபேக்டரையே ஊசியாகப் போடுவார்கள். எது யாருக்கு என்பதை ரத்தநோய் மருத்துவர் முடிவுசெய்வார். வலிக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் எடுக்காமல் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை மகனை ஃபேக்டர் போட அழைத்துப்போகும்போது, அம்மாவும் அக்காவும் தங்களுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்கட்டும். வரும் எண்ணைப் பையனின் அட்டைக்குப் பக்கத்தில் தங்களுக்கென ஓர் அட்டையில் எழுதிவைத்து, பல் மருத்துவரிடமும் பிரசவ மருத்துவரிடமும் முதல் நாளே காட்டட்டும்.