மூன்று 'அடி'கள்

"நேற்று கட் அடித்தேன், ராத்திரி பூராவும் கடம் அடித்தேன், நாளைக்குப் பிட் அடிக்க வேண்டியதுதான்!"

பெண் தோழியிடம் டெலிபோனில் இப்படிச் சொல்லக் கேட்ட ஒரு தாயார், "யாரையடி அடித்தாய்?" என்று அடுக்களையிலிருந்து ஓடி வந்தாளாம்.

பதற வேண்டாம், அம்மா! தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வழங்கும் பாஷை இது. 'கட்' என்றால் வகுப்புக்கு மட்டம். வகுப்பே சேர்ந்து போடும் மட்டம், 'மாஸ் கட்'. வராதவளுக்காகத் தோழி ஆஜர் குரல் கொடுத்தால், அது 'ப்ராக்ஸி'.

'கடம்' சங்கீதமல்ல; பொருள் புரியாமல் போடும் நெட்டுரு. 'டப்பா அடிப்பது' என்றும் சொல்வார்கள். அடுத்தவள் தாளைப் பார்த்து எழுதினால் 'காப்பி'. தானே எழுதி ஒளித்துக்கொண்டு போகும் துண்டுச் சீட்டு 'பிட்'.

முதல் அடியும் மூன்றாம் அடியும் பிடிபட்டால் தண்டனை உண்டு. நடு அடிக்கு மார்க்கே கிடைக்கிறது! ஆனால் அங்கேதான் ஆபத்து. கடம் அடித்தவளுக்கு முதல் வார்த்தை மறந்தால் முழு விடையும் போயிற்று. கேள்வியைச் சற்றே திருப்பிக் கேட்டாலும் திண்டாட்டம்தான். அந்தப் பயமே அடுத்த பரீட்சையில் பிட்டைத் தேட வைக்கிறது.

கண்டுபிடிப்பது எளிது. பெண் ஒப்பிக்கும்போது பாதியில் நிறுத்தி, "அது ஏன்?" என்று கேளுங்கள். தன் வார்த்தையில் சொன்னால் படித்திருக்கிறாள். "இரு அம்மா, முதலிலிருந்து வருகிறேன்" என்றால், சந்தேகமே இல்லை, கடம்தான்!