மூன்றாம் நாளே 'நீதான் என் உயிர்'

பழகத் தொடங்கிய சில நாள்களிலேயே புகழ்ச்சியும் பரிசுகளும் ஓயாத செய்திகளுமாக ஒருவரைத் திணறடித்து, அவர் நிதானமாக யோசிக்கும் முன்பே உறவை உறுதியாக்கிக்கொள்ளும் போக்கை 'லவ் பாம்பிங்' என்கிறார்கள். 1970களில் அமெரிக்காவில் சன் மியுங் மூனின் யுனிஃபிகேஷன் சர்ச், புதிதாக வருபவர்களை இப்படித்தான் சுற்றி நின்று பாராட்டித் தன் பக்கம் இழுத்தது. உளவியலாளர் மார்கரெட் சிங்கர் இதை விரிவாக எழுதினார். இன்று இது காதலிலும் திருமணப் பேச்சிலும் அதிகம் தென்படுகிறது. துணையைக் கட்டுப்படுத்தும் குற்றத்தின் அடையாளங்களில் ஒன்றாக, பிரிட்டன் அரசு வழக்குரைஞர் துறையும் 2023இல் இதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது.

மேட்ரிமோனி தளம் வழியாக அறிமுகமான இருவரை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் 'நீங்க' என்று பேசியவர், மூன்றாம் நாள் 'நீ' என்கிறார். பிறகு 'தங்கம்', 'அம்மு'. அந்த வாரம் முடிவதற்குள், "உன்னை மாதிரி ஒரு பொண்ணை நான் பார்த்ததே இல்ல. அம்மாகிட்ட சொல்லிட்டேன், நீதான் எங்க வீட்டு மருமக" என்று செய்தி வருகிறது. அந்தப் பெண்ணுக்கு எந்த விஷயத்தில் கோபம் வரும், எதற்குப் பயப்படுவாள் என்பது எதுவும் அவருக்குத் தெரியாது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உண்மையான பாராட்டு ஒருவர் செய்த, சொன்ன ஒன்றைப் பற்றியதாக இருக்கும். இந்தப் புகழ்ச்சியையோ பெயரை மட்டும் மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

அடுத்த அடையாளம், நேரத்தை விழுங்குவது. பதில் அனுப்பப் பத்து நிமிடம் தாமதித்தால் 'எங்க போன?' என்ற கேள்வி. தோழிகளோடு வெளியே போனால் முகம் வாடுகிறது. நாளடைவில் அந்தப் பெண் மற்றவர்களோடு பேசுவதையே குறைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு, கொட்டிய அன்பு திடீரென்று நின்றுபோகிறது. சில நாள் கழித்துக் கொஞ்சம் திரும்ப வருகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத அன்புக்காக மனம் இன்னும் அதிகமாக ஏங்கும். தான் செய்த தவறுதான் காரணம் என்று நினைத்து, முதல் வாரத்து மனிதரைத் திரும்பக் கொண்டுவரப் போராடத் தொடங்குகிறாள். புத்திசாலிகளும் இதில் சிக்குவது இதனால்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அவசரப்படுகிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். சிலருக்கு இயல்பே ஆர்வம்தான். இரண்டையும் பிரித்தறிய நம்பகமான வழி, சின்னதாக ஒரு 'வேண்டாம்' சொல்லிப் பார்ப்பது. அந்தப் பெண் இப்படிப் பதில் எழுதலாம்: "உங்க அன்புக்கு நன்றி. ஆனா நாம பேச ஆரம்பிச்சு ஒரு வாரம்தான் ஆகுது. கல்யாணப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல நான் போன் எடுக்க மாட்டேன், காலையில பேசலாம்."

இதில் குற்றச்சாட்டு இல்லை. நீண்ட விளக்கமும் இல்லை. ஏனென்றால் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிர்வாதம் வரும். முக்கியமாக, அவர் என்ன செய்யக்கூடாது என்று சொல்லாமல், தான் என்ன செய்வேன் என்பதைச் சொல்கிறாள். அதைச் செய்வது அவள் கையிலேயே இருக்கிறது. ஆனால் சொன்னபடி நடக்க வேண்டும். பத்தரை மணிக்கு, பதினைந்து தடவை அடித்த பிறகு போனை எடுத்தால், பதினைந்து தடவை அடித்தால் எடுப்பாள் என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்வார்.

நல்ல மனிதர் ஒருவர், "சரிங்க, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்பார். கொஞ்சம் வருந்தவும் கூடும். மறுநாள் இரவு போன் வராது. மற்றவரிடமிருந்து, "இவ்வளவு அன்பு வெச்சிருக்கேன், உனக்கு மனசே இல்லையா?" என்று வரும், அல்லது இரண்டு நாள் மௌனம். அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது வகை: உருக்கமான மன்னிப்பு, அலுவலகத்துக்கே வந்து சேரும் பூங்கொத்து, அன்றிரவு பதினோரு மணிக்கு மறுபடியும் போன். இங்கே பூங்கொத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. மணியைத்தான் பார்க்க வேண்டும். அதே பதிலை, அதே வார்த்தைகளில், குரல் உயராமல் இன்னொரு முறை சொல்லலாம். அதற்குப் பிறகும் மீறினால், பழக்கத்தை நிறுத்திக்கொள்வதே சரி.

நிதானமான பதில் எல்லா இடத்திலும் உதவாது. 'செத்துப்போவேன்' என்ற மிரட்டல், படங்களை வெளியிடுவதாகப் பயமுறுத்தல், பின்தொடர்தல் ஆகியவை தொடங்கிவிட்டால் பதில் எழுதிக்கொண்டிருக்காமல், வீட்டில் நம்பகமான ஒருவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம். நேரில் பார்த்தே இராதவருக்குப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம்.