கருமபீடத்தில் அமர்வோர் உடையும் அதற்கான விதியும்

"அலுவலர் யாவரும் கண்ணியமாக உடுத்தி வருதல் வேண்டும்." காரியாலயச் சுவர்களில் இத்தகைய வாசகத்தை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதை மறுப்பார் எவருமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, மறுநாட் காலையில் எதை உடுத்துவது என்று ஒருவராலும் தெரிந்துகொள்ள இயலாது. கண்ணியம் என்பது முகாமையாளர் மனத்தில் ஒன்றாகவும், புதிதாக வேலையிற் சேர்ந்த பெண்ணின் மனத்தில் வேறொன்றாகவும் இருக்கும். பிணக்கு நேரும் நாளில், முகாமையாளர் மனத்தில் இருப்பதே விதியாகிவிடும்.

இது அற்ப விஷயமன்று என்பதற்கு நமது நாட்டிலேயே அண்மைக்காலச் சான்று உண்டு. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி நிகழ்ந்த குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே மாத இறுதியில் பொது நிர்வாக அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. அரச காரியாலயங்களில் ஆண்கள் நீளக்காற்சட்டையும் சட்டையும் அல்லது தேசிய உடையும், பெண்கள் சேலை அல்லது ஒசரியும் அணிய வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் பாதுகாப்பு. ஆனால் எழுதப்பட்டதோ சேலை. பாதுகாப்புக்கு வேண்டியது ஆளை அடையாளம் காண்பது. அதற்கு முகம் தெரிந்தாற் போதும். அபாயா அணிந்து, முகத்தை மறைக்காமல் ஆண்டுக்கணக்காகப் பணியாற்றிய முஸ்லிம் பெண்கள் ஒரே நாளில் விதியை மீறியவர்களாகிவிட்டனர். எதிர்ப்பு எழுந்தது, சமய உடை அணிவோர் முகம் தெளிவாகத் தெரியும்படி அணியலாம் என்ற கருத்தில் அது பின்னர் திருத்தப்பட்டது. முதலிலேயே "முகம் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தால் பிணக்கே எழுந்திராது.

மூன்றாண்டுகள் சென்றபின் காற்று மறுபுறம் வீசிற்று. 2022இல், பொருளாதார நெருக்கடியின்போது, அரச அலுவலர்க்கான உடைக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. சேலைதான் என்றில்லை, பொருத்தமான உடை போதும் என்றாயிற்று. நல்ல எண்ணந்தான். ஆயினும் பொருத்தமானது எது, அது யார் யாருக்குப் பொருந்தும் என்பன எல்லார்க்கும் ஒன்றுபோல் விளங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையன்றி வேறு உடையில் பாடசாலை செல்ல, கல்வி அமைச்சு ஆசிரியைகளுக்குச் சேலையே என்று நின்றது. ஒரு விதி மிக இறுகியதால் கெட்டது. மற்றொன்று எல்லை கூறாமையால் கெட்டது.

இவ்விரண்டுக்கும் நடுவே எழுதுவது எப்படி? கொட்டகலைக் கடைவீதியில் ஒரு சிறு கடனுதவிக் காரியாலயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கருமபீடத்தில் நால்வர், அவர்களில் மூவர் தோட்டங்களிலிருந்து காலை பஸ்ஸில் வருபவர்கள். முதலில் எழுத வேண்டியது நோக்கம். வாடிக்கையாளர் வந்ததும் அலுவலர் யார் என்று தெரிய வேண்டும். அவர் துப்புரவாகத் தோன்ற வேண்டும். வேலைக்கு உடை இடையூறாக இருத்தலாகாது. இம்மூன்றில் ஒன்றையேனும் காக்காத வாக்கியம் எதுவாயினும் அதை அடித்துவிடலாம்.

முதல் நோக்கத்துக்குச் சேலையின் நிறம் வேண்டுவதில்லை. "கருமபீட அலுவலர் தமிழிலும் சிங்களத்திலும் பெயர் பொறித்த அட்டையை மேலுடையின்மீது தெரியுமாறு அணிதல் வேண்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். ஒரே நிறந்தான் வேண்டும் என்று நிர்வாகம் விரும்பினால், துணியை நிர்வாகமே கொடுப்பதாக அதே வாக்கியத்தில் எழுதுவதுதான் நியாயம். முதற் சம்பளம் கைக்கு வருமுன் ஆறு சேலை வாங்கும்படி ஓர் ஏழைக் குடும்பத்துப் பெண்ணைப் பணிப்பது உடைவிதியன்று, மறைமுகமான கட்டணம்.

இரண்டாவதற்கு, "இறுக்கமான உடை, பொருந்தாத உடை" போன்ற சொற்களை விட்டு, கண்ணாற் சரிபார்க்கக்கூடிய சொற்களை இடவேண்டும். "உடை துவைத்ததாகவும், தோளையும் முழங்கால் வரையிலும் மூடுவதாகவும், உள்ளுடை புறந்தெரியாததாகவும் இருத்தல் வேண்டும். சேலை, ஒசரி, சல்வார், அபாயா, பாவாடையும் சட்டையும், நீளக்காற்சட்டையும் சட்டையும் யாவும் ஏற்கப்படும்." இங்கே ஆண் பெண் என்று பிரிக்கவே தேவை நேரவில்லை என்பதை வாசகர் கவனிக்கலாம். ஆண்களுக்கு ஒரு வரியும் பெண்களுக்குப் பத்து வரியும் கொண்ட விதியைக் கண்டால், எழுதியவர் வாடிக்கையாளரை மறந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

அடுத்தது இவ்வூருக்கே உரிய சங்கதி. கொழும்பில் எழுதிய விதியை அப்படியே இங்கே ஒட்டினால், தென்மேற்குப் பருவமழையின்போது அது நகைப்புக்கிடமாகும். "குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டை எந்நிறத்ததாயினும் ஏற்கப்படும், மழை நாட்களில் இறப்பர்ச் செருப்புடன் வந்து காரியாலயத்தில் மாற்றிக்கொள்ளலாம்" என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் ஒருவர் முகாமையாளரிடம் போய் நிற்கவேண்டியதில்லை.

சமய அடையாளங்களில்தான் எழுதுகோல் பெரிதும் தடுமாறுகிறது. பிரிட்டிஷ் எயார்வேஸ் நிறுவனத்தின் பயணிகள் பதிவுப் பகுதியில் பணியாற்றிய நாடியா எவீடா என்பவர் சிறு சிலுவையொன்றை வெளித்தெரிய அணிந்ததால், 2006இல் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். சமயத்தால் கட்டாயமானதை மட்டுமே அணியலாம் என்னும் போக்கில் அந்நிறுவனத்தின் விதி அமைந்திருந்தது. சிலுவை கட்டாயமா, இல்லையா? விமான நிலைய அதிகாரி சமயவாதியாக வேண்டியதாயிற்று! 2007இல் நிறுவனம் தானே விதியை மாற்றிக்கொண்டது. 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அவர் பக்கம் தீர்த்தது.

நம்மிடையே ஐயப்பன் மாலை அணிந்தோரை எண்ணிப்பாருங்கள். கார்த்திகை பிறந்தால் கறுப்பு உடை, தாடி, சிலர்க்கு வெறுங்கால். இவை கட்டாயமா என்று கேட்கப் புகுந்தால் முடிவே இராது. "பொட்டு, திருநீறு, சிலுவை, தலைமுக்காடு, நோன்புக்கால உடை, தாடி ஆகியவற்றுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை, முகம் தெரியவேண்டும்" என்பது போதும். வெறுங்காலால் கருமபீடத்தில் எவருக்கும் தீங்கில்லை. அதே விதியைத் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு இடையில் கொண்டுபோக முடியாது. அங்கே பாதுகாப்பு என்னும் வேறு நோக்கம் வந்துவிடுகிறது. ஆதலின் விதி எவ்விடத்துக்குரியது என்பதையும் எழுதவேண்டும். யாருக்குரியது என்பதையும் சேர்த்துக்கொள்க: "இது அலுவலர்க்கு மட்டுமே." இன்றேல், கொழுந்து நிறுத்துவிட்டு இடுப்பிற் படங்கோடு நேராக வரும் தாயை வாயிற்காவலர் ஒருவர் என்றேனும் தடுத்து நிறுத்துவார்.

எழுதி முடித்தபின் ஒரு சோதனை உண்டு. வெவ்வேறு உடைகள் ஐந்தாறை ஒரு தாளில் விவரித்து, இரு மேற்பார்வையாளரிடம் தனித்தனியே கொடுத்து, எவை ஏற்கத்தக்கன என்று குறிக்கச் சொல்லுங்கள். இருவர் விடையும் எங்கே வேறுபடுகின்றனவோ, அங்கே குற்றம் வாக்கியத்தில்தான். சிங்களப் பிரதியைப் படிப்பவரையும் இச்சோதனையிற் சேர்ப்பது நன்று. மொழி மாறுகையில் "வேண்டும்" என்பது "நலம்" என்று குறைந்துவிடுவதுண்டு.

மீறல் நேர்ந்தால் என்ன செய்வது என்பதும் விதியின் பகுதியே. "முதன்முறை தனியாக அழைத்துச் சொல்லப்படும், அன்றைய சம்பளம் குறைக்கப்படமாட்டாது" என்ற வரி இல்லாவிடின், வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே ஒரு பெண்ணுக்குக் கண்டனம் கிடைக்கும். விதி தொடங்கும் திகதியை அடியில் எழுதி, புதியதை ஒட்டும் அன்றே பழைய தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிடவேண்டும்.