'ஃபச்சா' முதல் 'தீஸ்ரா பட்டன்' வரை: விடுதிக் கேலி எந்த இடத்தில் ராகிங் ஆகிறது?

தில்லி பல்கலைக்கழகத்திலோ காரக்பூர் ஐஐடியிலோ சேரும் முதலாமாண்டு மாணவர் முதலில் கேட்கும் விடுதிச் சொல் பெரும்பாலும் 'ஃபச்சா' என்பதாகவே இருக்கும். மாணவியாயின் 'ஃபச்சி'. சென்னை, மும்பை ஐஐடிகளில் இதற்கு இணையாக 'ஃப்ரெஷி' வழங்குகிறது. எந்நேரமும் பாடப்புத்தகத்துடன் இருப்பவர் பல வளாகங்களில் 'மக்கு'. தமிழ்ச் செவிக்கு இது மந்தபுத்தியைக் குறிப்பதாகத் தோன்றினாலும், அங்கு இதன் பொருள் நேர்மாறானது. மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் ஆங்கில வழக்கிலிருந்து வந்த சொல் இது.

இப்பெயர்களில் தன்னளவில் தீங்கு ஏதுமில்லை. 'ஃபச்சா' என்பது புதிதாக வந்த அனைவருக்கும் பொது. அடுத்த ஆண்டு தானே கழன்றுவிடும். ஆனால் ஒருவரின் ஊர், மொழி, நிறம், உடலமைப்பு ஆகியவற்றைக் கொண்டு சூட்டப்படும் பெயர் அத்தகையதன்று. தென்னிந்திய மாணவரை 'மதராசி' என்றும், வடகிழக்கு மாணவரை 'சிங்கி' என்றும் அழைப்பது, அவர் மாற்றிக்கொள்ள இயலாத ஒன்றையே அவரது அடையாளமாக்குகிறது. பட்டம் பெற்று வெளியேறும் நாள்வரை அப்பெயர் அவரை விட்டு அகலாது.

நோக்கமா, விளைவா?

ஹிமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் சீனியர் மாணவர்களின் தாக்குதலுக்குப் பின் 2009 மார்ச்சில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூனில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ராகிங் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒருவரைச் சீண்டும் அல்லது அவமதிக்கும் 'விளைவை' உண்டாக்கும் சொல்லும் செயலும் ராகிங் என அவை வரையறுக்கின்றன. எனவே, 'விளையாட்டுக்காகத்தான் சொன்னோம்' என்ற விளக்கம் அங்கு எடுபடாது. சொன்னவரின் எண்ணத்தைக் காட்டிலும் கேட்டவருக்கு நேர்ந்ததே கணக்கில் கொள்ளப்படும்.

2016-இல் செய்யப்பட்ட திருத்தம் மதம், சாதி, பாலினம், தோற்றம், வட்டாரம், மொழி, பொருளாதாரப் பின்னணி ஆகியவற்றின் அடிப்படையில் ஒருவரைத் துன்புறுத்துவதையும் ஒதுக்கிவைப்பதையும் ராகிங்கில் சேர்த்தது. பட்டப்பெயர் நேரடியாக விதிகளின் வரம்புக்குள் வருவது இங்குதான்.

ஓர் 'இன்ட்ரோ'வின் போக்கு

'இன்ட்ரோ' எனப்படும் அறிமுகச் சடங்கைக் கொண்டு இதைப் புரிந்துகொள்ளலாம். தமிழ்நாட்டிலிருந்து வடமாநிலப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்த மாணவரைக் கற்பனை செய்துகொள்வோம். உணவுக்கூடத்தில் சீனியர் அவரது பெயரையும் ஊரையும் கேட்கிறார். தமது பெயரையும் சொல்கிறார். இது அறிமுகம்.

அன்றிரவு ஓர் அறைக்கு அழைத்து, சட்டையின் மூன்றாவது பொத்தானை மட்டுமே பார்த்து நிற்கச் சொல்கிறார்கள். இதுவே 'தீஸ்ரா பட்டன்'. சீனியரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாகாது என்பது இதன் பொருள். ஆங்கிலம் கலவாத தூய ஹிந்தியில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்படி கட்டளை வருகிறது. அவர் திணறும்போது அறை சிரிக்கிறது. இயல்பாகத் தான் செய்யாத ஒன்றைச் செய்யவைத்து வெட்கத்துக்கு உள்ளாக்குவதும் விதிகளின்படி ராகிங். இங்கு அவரது மொழியும் இலக்காகிவிட்டது.

அடுத்து நுழைவுத்தேர்வுத் தரவரிசை கேட்கப்படுகிறது. பார்வைக்கு எளிய இக்கேள்வி, இடஒதுக்கீட்டில் சேர்ந்தவரா என்பதைக் கண்டறியும் வழியாகவும் பயன்படுவதுண்டு. பின்னர் சீனியரின் செய்முறைக் குறிப்பேட்டை எழுதித் தரவும், சிற்றுண்டிச் செலவை ஏற்கவும் சொல்கிறார்கள். இவ்விரண்டையும் விதிகள் தனித்தனியாகத் தடை செய்கின்றன.

வேறுபாட்டை உணர்த்தும் கேள்விகள் மூன்று. அந்த மாணவர் அதே தொனியில் திருப்பிக் கேலி செய்ய முடியுமா? 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு அது நிற்கிறதா? மறுத்தால், சீனியர் தரும் பழைய வினாத்தாள், மன்ற உறுப்பினர் வாய்ப்பு போன்றவற்றை இழக்க நேருமா? முதல் இரண்டுக்கு 'இல்லை' என்றோ, மூன்றாவதற்கு 'ஆம்' என்றோ பதில் வந்தால், அங்கே நடப்பது கேலி அன்று.

புகாரின் வழி

24 மணி நேரமும் இயங்கும் தேசிய உதவி எண் 1800-180-5522-இல் புகார் அளிக்கலாம். குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால், கல்வி நிறுவனத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவாக ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு, இரு வாரங்களுக்கு ஒருமுறை முதலாமாண்டு மாணவர்களிடம் பெயர் குறிப்பிடாத கருத்தறிதலும் நடத்தப்பட வேண்டும். பழிவாங்கலுக்கு அஞ்சிப் புகார் தரத் தயங்குபவர் உண்மையைச் சொல்ல அந்தப் படிவம் ஒரு வாய்ப்பாகும்.

இரவு அறைகளில் நடந்தவற்றுள் பல இப்போது வாட்ஸ்ஆப் குழுக்களுக்கு இடம்பெயர்ந்துள்ளன. சீனியர்கள் தொடங்கும் இத்தகைய குழுக்களில் நடைபெறும் துன்புறுத்தலும் ராகிங்காகவே கருதப்படும் என யுஜிசி 2025-இல் அறிவுறுத்தியது. அறையில் சொன்ன சொல்லுக்குச் சாட்சி தேட வேண்டியிருந்தது. குழுவில் எழுதியதைத் திரைப்பதிவு எடுத்து வைத்தாலே அது ஆதாரமாகிவிடும்.