காம்பையா, மார்பையா?

பிரசவ வார்டில் பயிற்சிக்கு வரும் செவிலியர் மாணவி முதலில் பழக வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. தாய் பாலூட்டத் தொடங்கியதும் குழந்தையின் தலையைப் பிடித்து மார்போடு அழுத்தத்தான் கை பரபரக்கும். அப்படிச் செய்தால் குழந்தை தானாக எப்படிப் பற்றுகிறது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். அதனால்தான் பாடங்களில், வகுப்பறையிலேயே துணியால் தைத்த மார்பு மாதிரியையும் பொம்மைக் குழந்தையையும் வைத்துப் பழக்கிவிட்டு, வார்டில் ஒரு முழுப் பாலூட்டலைத் தொடாமல் கவனிக்கச் சொல்கிறார்கள்.

எதைப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தரும் பயிற்சிகள் நான்கு அடையாளங்களைச் சொல்கின்றன. குழந்தையின் மோவாய் மார்பைத் தொட்டிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். கருவட்டம் முழுவதும் வாய்க்குள் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. சிலருக்கு அது இயல்பிலேயே பெரிதாக இருக்கும். மேலேயும் கீழேயும் தெரிவதை ஒப்பிட்டால் போதும்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். தலைப்பிரசவம், இன்று மூன்றாம் நாள். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை இப்போது 2.76 கிலோ. எட்டு சதவீதம் குறைந்திருக்கிறது. முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் இறங்குவது இயல்புதான். ஆனால் ஏழு சதவீதத்தைத் தாண்டினாலே பாலூட்டலை உட்கார்ந்து கவனித்தாக வேண்டும். குழந்தை முக்கால் மணி நேரம் சப்புகிறது, விட்டதும் அழுகிறது. காம்பில் வெடிப்பு. "பால் பத்தல சிஸ்டர், பவுடர் பால் கரைச்சுக் குடுத்துடலாமா?" என்கிறார் மாமியார்.

மாணவி பார்க்கிறாள். மோவாய்க்கும் மார்புக்கும் நடுவே இடைவெளி, வாய் குவிந்திருக்கிறது, படபடவென்று சின்னச் சின்னச் சப்பல், தூண்டினால்தான் எப்போதாவது ஒரு விழுங்கல். வாயிலிருந்து வெளிவந்த காம்பு ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி இருக்கிறது. இந்த ஒன்று போதும்: குழந்தை பிடித்திருப்பது காம்பை மட்டும்தான். நாக்குக்கும் கடினமான மேலண்ணத்துக்கும் இடையில் அது நசுங்குகிறது. அதனால்தான் வெடிப்பு. பாலும் சரியாக வராது.

அவள் கையில் இருப்பது 1994-இல் அமெரிக்காவில் வெளியான 'லாட்ச்' என்ற மதிப்பெண் அட்டவணை. பற்றுதல், விழுங்கும் ஓசை, காம்பின் வடிவம், தாயின் வலி, பிடித்துக்கொள்ள வேண்டிய உதவி என ஐந்து வரிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. இந்தத் தாய்க்குக் காம்பின் வடிவத்துக்கு 2, வெடிப்பினால் வலிக்கு 0, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று. ஆக 5.

இப்போது திருத்தம். குழந்தையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தாய் தன் சுண்டுவிரலைக் குழந்தையின் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவிக்கிறாள். தலையும் உடம்பும் ஒரே நேராகத் தன் வயிற்றோடு ஒட்டியிருக்க, மூக்கு காம்புக்கு நேராக வரும்படி பிடிக்கிறாள். காம்பு மேலுதட்டில் பட்டதும் குழந்தை வாயைத் திறக்கும். அது கொட்டாவி போல அகலும்வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பிறகு மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாமல், குழந்தையைச் சட்டென்று மார்புக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் மோவாய் பட வேண்டும்.

இந்த முறை சப்பல் மெதுவாக, ஆழமாக மாறுகிறது. நடுவில் சிறு நிறுத்தம், மெல்லிய விழுங்கும் ஓசை. பற்றுதலுக்கும் ஓசைக்கும் இரண்டு இரண்டு. வெடிப்பு ஆறாததால் வலிக்கு இன்னும் 0 தான். மொத்தம் 7. கூட்டுத்தொகையை மட்டும் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிற மாணவிக்கு இது புரியாது. எந்த வரி மாறியது, எது மாறவில்லை என்பதில்தான் அடுத்து செய்ய வேண்டியது இருக்கிறது.

குழந்தை எத்தனை மில்லி குடித்தது என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. அதற்கு ஈரத்துணிதான் சாட்சி. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். கறுப்பு மலம் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். மாமியாருக்கும் இதையே சொல்லிவிட்டு, மறுநாள் காலை எடை பார்க்கக் குறித்துவைக்கிறாள் மாணவி. எடை மேலும் இறங்கினாலோ, குழந்தை எழுப்பினாலும் எழாமல் துவண்டாலோ குழந்தை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். சரியாகப் பற்றியும் வலி தீராவிட்டால் குழந்தையின் நாக்குக்கு அடியில் உள்ள தசைநார் குட்டையா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரை பால் போதாமல் போனால், தாய்ப்பாலையே பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.